3.15 எப்படி 2.60 ஆனது? பெட் பில்டர் போடுகிறவர்கள் பார்க்க

வெள்ளவத்தையில் ஒரு தம்பி போட்ட சிலிப்பை வைத்தே விளக்குகிறோம். இங்கிலாந்து லீக் ஆட்டம், பெட் பில்டரில் இரண்டே லெக். சொந்த மைதானத்து அணி வெல்லும், தனியாகப் போட்டால் 1.80. ஆட்டத்தில் 2.5க்கு மேல் கோல் விழும், தனியாக 1.75. பெருக்கினால் 3.15 வரவேண்டும், திரையில் வந்ததோ 2.60. ஏன் குறைந்தது என்று தளத்தின் சாட்டில் கேட்டதற்கு, "இரண்டும் தொடர்புள்ள லெக், அதனால்தான்" என்று ஒரு வரிப் பதில். அதில் பாதிதான் உண்மை.

உண்மையான பாதி இது. ஓர் அணி வெல்லும் ஆட்டங்களில் கோல் அதிகம் விழுவது வழக்கம். ஒரு லெக் மற்றதைக் கையோடு இழுத்துக்கொண்டு வருகிறது. வெவ்வேறு ஆட்டங்களைப் போலப் பெருக்கிக் கொடுத்தால் புக்கிக்கு நட்டம், ஆகவே ஆட்ஸைக் குறைப்பது நியாயம். எவ்வளவு குறைப்பது நியாயம் என்பதைத்தான் அவர்கள் சொல்வதில்லை. தனி மார்க்கெட்டில் இரண்டு பக்க ஆட்ஸும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். புக்கி தனக்கென்று எடுக்கும் மார்ஜினை யாரும் கணக்குப் பார்க்கலாம். பில்டரில் உங்கள் சிலிப்புக்கு எதிர்ப்பக்கமே கிடையாது. மார்ஜின் ஒளிந்துகொள்வது அங்கேதான்.

எதிர்ப்பக்கத்தை நீங்களே கட்டிப் பார்க்கலாம். காசு போடத் தேவையில்லை, சிலிப்பில் சேர்த்து ஆட்ஸைக் குறித்துக்கொண்டு அழித்தால் போதும். அணி வெல்லும் அல்லது வெல்லாது (இதற்கு டபுள் சான்ஸில் எதிரணி அல்லது சமநிலையை எடுங்கள்). கோல் 2.5க்கு மேல் அல்லது கீழ். நாலு சோடி வரும், ஆட்டம் எப்படி முடிந்தாலும் அவற்றில் ஒன்றுதான் நடக்கும். அந்த ஆட்டத்துக்குத் திரையில் வந்தவை:

வெற்றி, மேலே: 2.60
வெற்றி, கீழே: 4.20
வெல்லாது, மேலே: 3.90
வெல்லாது, கீழே: 3.30

ஒன்றை ஒவ்வொரு ஆட்ஸாலும் வகுத்துக் கூட்டுங்கள்: 0.385, 0.238, 0.256, 0.303. மொத்தம் 1.182. மார்ஜினே இல்லையென்றால் சரியாக 1 வரும். இதே ஆட்டத்தில் வெற்றி மார்க்கெட்டைத் தனியே இப்படிக் கூட்டினால் 1.056, கோல் மார்க்கெட்டைத் தனியே கூட்டினால் 1.052. இரண்டையும் பெருக்கினாலும் 1.11தான். அதாவது வெவ்வேறு ஆட்டங்களில் இரண்டு லெக் போட்டால் போகும் மார்ஜின் 11 சதவீதம், இங்கே 18.

இனி அந்த 2.60ஐப் பிரித்துப் பாருங்கள். 2.60 ஐ 1.182 ஆல் பெருக்கினால் 3.07, மார்ஜின் இல்லாத விலை அதுதான். அதை வழக்கமான இரட்டை மார்ஜினான 1.11 ஆல் வகுத்தாலும் 2.77 தரலாம். 3.15 இலிருந்து 2.77 வரை இறங்கியதற்குத் தொடர்பைக் காரணம் சொல்லலாம். மிச்சம், 1000 ரூபாவுக்கு 170 ரூபா, வெறும் மேலதிக மார்ஜின். நடப்பது ஒரே ஆட்டம் என்பதால் ஒரு மார்ஜினே போதும் என்று வாதிடவும் இடமிருக்கிறது.

ஆட்களை அதிகம் ஏமாற்றுவது இரண்டாவது சோடி. வெற்றியும் குறைந்த கோலும் ஒன்றையொன்று தள்ளும் லெக்குகள். தனி ஆட்ஸ் 1.80, 2.08, பெருக்கினால் 3.74. பில்டர் 4.20 காட்டுகிறது. "பெருக்கினதை விடக் கூடத் தாறாங்கள்" என்று சந்தோசப்படுவார்கள். ஆனால் 4.20 ஐ 1.182 ஆல் பெருக்கினால் 4.96. கூடக் கொடுத்ததுபோல் காட்டி, போடும் ஒவ்வொரு ரூபாவுக்கும் 76 சதத்தை எடுத்துக்கொண்டார்கள். இப்படிப்பட்ட சோடிகளுக்கு ஒரு தளம் ஆட்ஸை ஏற்றாமல் பெருக்கிய விலையையே வைத்திருந்தால், அங்கே அடி இன்னும் பலம்.

ஒரு குறை: இந்தக் கணக்கு மார்ஜின் நாலு சோடிக்கும் ஒரே விகிதத்தில் பரவியிருப்பதாக எடுத்துக்கொள்கிறது. புக்கி அப்படிப் பரப்பவேண்டிய கட்டாயமில்லை. எல்லோரும் விரும்பிப் போடும் சோடியில் கூடுதலாகச் சுமத்தலாம். அப்படியென்றால் அந்தத் தம்பியின் 2.60இல் போனது 170ஐ விட அதிகம்.

லெக் கூடக் கூட நிலைமை மோசமாகும். மூன்று லெக்குக்கு எட்டுச் சேர்க்கை, நாலுக்குப் பதினாறு. அவ்வளவையும் பொறுமையாகக் கட்டிப் பார்க்கிறவர் அரிது, தளத்துக்கும் அது தெரியும். அதிலும் ஒரு வீரர் கோல் அடிப்பார், இத்தனை ஷொட் அடிப்பார் என்ற லெக்குகளுக்குப் பல தளங்களில் "அடிக்கமாட்டார்" என்ற பக்கமே இருக்காது. அங்கே இந்தச் சோதனையைச் செய்யவே முடியாது. முகப்பில் தளமே கட்டித் தரும் ஆயத்த சிலிப்புகளைத் திறந்து பாருங்கள், எத்தனை லெக் அந்த வகை என்று எண்ணுங்கள்.