பிரிட்ஜ் இல்லாத வீட்டில் கறந்த பால்: சில கோடைகளின் அனுபவம்

வேலூரில் நாங்கள் குடியிருக்கும் வீட்டில் பிரிட்ஜ் இல்லை. காலையில் ஒரு லிட்டர், மாலையில் அரை லிட்டர் கறந்த பால் வாங்குகிறோம். கத்திரி வெயிலிலும் பால் திரிவது இப்போது அபூர்வம். காய்ச்சுவதில் காட்டும் அக்கறையை ஆறவைப்பதிலும் காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

பால்காரர் ஊற்றிவிட்டுப் போகும்போது பாலில் கறந்த சூடு இருக்கும். கிருமி பெருக அது தோதான சூடு என்பதால், பல் தேய்க்கும் முன்பே அடுப்பில் ஏற்றிவிடுவேன். பொங்கியதும் அணைப்பது போதாது. மேலே படியும் ஆடை ஆவியை அடைத்துக்கொள்வதால், பால் முழுக்கக் கொதிக்கும் முன்பே பொங்கி எழும். தணலைக் குறைத்து, அடி வரை கிளறியபடி இன்னும் 3 நிமிடம் கொதிக்கவிடுவேன்.

இனிதான் முக்கியமான கட்டம். சில கிருமிகளின் வித்துகள் கொதியையும் தாங்கிவிடும். பால் மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருந்தால் அவை முளைத்துப் பெருகும். அதனால் பால் குண்டானை அகலமான தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி வைத்து, தண்ணீர் சுட்டதும் ஒருமுறை மாற்றுவேன். ஆறும்வரை மேலே சல்லடைத் தட்டு மட்டும். இறுக மூடினால் சூடு உள்ளேயே தங்கிவிடும். ஆறியதும் ஈரமணல் நிரப்பிய மண்தொட்டியில் இறக்கி, நனைத்த துணியைச் சுற்றிவிடுவேன்.

மே மாதத்தில் ஒரு நாள் இப்படிப் போகும்: ஆறரைக்கு முதல் காய்ச்சல், பத்தரைக்கு இரண்டாவது. அப்போதே மத்தியானத்துக்கு வேண்டியதை எடுத்துவைத்துவிட்டு, மிச்சத்தைக் கைபொறுக்கும் சூட்டில் உறை ஊற்றிவிடுவேன். அந்த வெயிலுக்கு நாலைந்து மணி நேரத்தில் தயிராகிவிடும். எடுத்துவைத்ததை இரண்டரைக்கு மறுபடி காய்ச்சி, மூன்று மணி காப்பியோடு தீர்த்துவிடுவோம். மாலைப் பாலுக்கு வேறு பாத்திரம். பழைய பாலில் புதுப்பாலை ஊற்றினால் புதியதும் சீக்கிரம் புளிக்கும். குழந்தைக்கு வேண்டியதை டம்ளரில் எடுத்துத் தனியாகச் சுடவைப்போம். குண்டானோடு லேசாகச் சூடாக்கி அப்படியே வைத்துவிடுவதைப்போல மோசமான வேலை இல்லை.

சந்தேகம் வந்தால் ஒரு கரண்டிப் பாலைத் தனியாகக் கொதிக்கவிட்டுப் பாருங்கள். புளிப்பு ஏறத் தொடங்கிய பால் பச்சையில் நன்றாகத் தெரிந்தாலும் சூட்டில் குருணை குருணையாகப் பிரியும். ஆனால் இந்தச் சோதனையை முழுசாக நம்ப முடியாது. பல மணி நேரம் வெளியே கிடந்த பால் பிரியாமலும் இருக்கலாம். கிருமி விட்டுச்சென்ற நஞ்சு சில சமயம் கொதியிலும் போகாது. அப்படிப்பட்ட பாலைக் கோவாவாகக் கிண்டவும் மாட்டேன், கொட்டிவிடுவேன்.

மணல் தொட்டி எங்கள் ஊர் மாதிரி வறண்ட வெயிலுக்குத்தான். தூத்துக்குடியில் இருக்கும் என் சித்தி வீட்டில் கடற்காற்றின் ஈரத்தில் துணி காய்வதே இல்லை, பாலும் குளிர்வதில்லை. அவர் குறைவாக வாங்கி, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை காய்ச்சிவிடுகிறார்.