சூரியன் சீட்டு விழுந்தால்: ஒற்றைச் சீட்டா, மூன்று சீட்டா?

"இனியாவது ஒரு நல்ல சேதி வருமோ?" என்று கேட்டு வருகிறவர்களுக்கு டாரட் சீட்டு எடுக்க இரண்டு வழிகள் உண்டு. ஒரே ஒரு சீட்டை இழுத்து ஓம், இல்லை என்று சொல்வது ஒன்று. மூன்று சீட்டுகளை வரிசையாக வைத்து வாசிப்பது மற்றது. நான் இரண்டாவதற்கு மாறி ஒரு வருடம் ஆகிறது. மாற வைத்ததே சூரியன் சீட்டுத்தான்.

ஒற்றைச் சீட்டின் வசதி தெரிந்ததே. இரண்டு நிமிட வேலை, விளக்கம் குறைவு. அதிலும் சூரியன் விழுந்தால் வாசிப்பவருக்கு வேலையே இல்லை. 1909இல் வந்த ரைடர் சீட்டுக்கட்டில் பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்த படம் அது. வெள்ளைக் குதிரையில் ஒரு குழந்தை, பின்னால் மதில், மதிலுக்கு மேலே சூரியகாந்திகள். பார்த்த உடனே முகம் மலரும்.

கொக்குவிலில் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் அக்கா ஒருவருக்கு அப்படித்தான் விழுந்தது. அந்த வருடம் அவருக்குத் தாய் இறந்துவிட்டார், கணவருக்கு இடுப்பில் ஒப்பரேசன். கலியாண எழுத்து முடித்த மகள், கனடா ஸ்பொன்சர் கடிதத்துக்காகக் காத்திருந்தாள். சீட்டைப் பார்த்ததும் முதலில் பயந்துபோனார். "சூரியன் எண்டால் பாபக் கிரகமெல்லோ தங்கச்சி?" சாதகம் பார்த்துப் பழகிய வீடுகளில் இந்தக் கேள்வி வரும். டாரட் சூரியனுக்கும் சூரிய திசைக்கும் தொடர்பில்லை என்று சொல்லி, "நல்லதுதான் அக்கா, வரும்" என்று அனுப்பினேன்.

ஒரு மாதம் கழித்து வந்து, "வரும் எண்டீங்கள், எங்கை?" என்றார். எனக்குப் பதில் இல்லை.

பிழை சீட்டில் இல்லை, நான் அதில் ஏற்றியதில் இருந்தது. சூரியன் செய்தி கொண்டுவரும் சீட்டே அல்ல. செய்தி என்றால் தடிகளின் எட்டு, நான்கு பேஜ் சீட்டுகள், எக்காளம் ஊதும் தீர்ப்புச் சீட்டு ஆகியவற்றைத்தான் பார்ப்போம். சூரியனின் எண் 19. அதற்கு முன்னால் 18இல் இருப்பது சந்திரன், அதாவது எது நிழல், எது நாய் என்று தெரியாத இரவு. அதன் பின் வரும் சூரியன், உள்ளதை உள்ளபடி காட்டும் பகல். அந்த வெளிச்சம் எங்கே விழுகிறது என்பதை ஒற்றைச் சீட்டால் சொல்ல முடியாது. "வரும்" என்ற சொல்லை வீட்டுக்குக் கொண்டுபோனவர் அதோடு முப்பது நாள் சீவிக்க வேண்டும். தபால்காரன் சைக்கிள் தாண்டிப் போகிற ஒவ்வொரு நாளும் அது கசக்கும். சிலர் திரும்பத் திரும்ப இழுக்கச் சொல்வார்கள். 78 சீட்டில் ஒன்று, எப்போதாவது வரத்தான் செய்யும், அதில் என்ன இருக்கிறது?

இரண்டாம் முறை மூன்று வைத்தேன். முதலாவது, போன வருடம் செய்தது. நடுவில், இப்போது இருப்பது. கடைசி, செய்தியின் நிலை. இடங்களைச் சீட்டு எடுக்க முதலே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் விழுந்த சீட்டுக்கு ஏற்றபடி வாய் வளையும்.

முதலில் காசுகளின் ஐந்து. பனியில் இரண்டு பேர், ஒருவர் ஊன்றுகோலோடு. அக்கா ஒன்றும் பேசவில்லை. நடுவில் மறுபடியும் சூரியன். கடைசியில் தொங்கும் மனிதன்.

சூரியன் கடைசியில் விழுந்திருந்தால் நானும் பழையபடி "வரும்" என்றிருப்பேன். நடுவில் விழுந்ததால் கேள்வி மாறியது. "வீட்டிலை இப்ப என்ன வெளிச்சமா இருக்கு அக்கா?" கொஞ்சம் யோசித்து, "இவர் போன கிழமை தானே கிணத்தடிக்கு நடந்து போய் ஒரு வாளி அள்ளினவர்" என்றார். ஊன்றுகோல் படத்துக்குப் பக்கத்தில் அது சரியாகப் பொருந்தியது.

தொங்கும் மனிதன் தண்டனை அல்ல, தலையைச் சுற்றி ஒளி இருக்கிறது. ஆனால் அசைவு இல்லை, காரியம் கிடப்பில். எது கிடக்கிறது என்று கேட்டுக்கொண்டே போனதில் கனடா விசாவுக்காக மகள் செய்த மெடிக்கல் வரை வந்தோம். ஒரு வருடத்துக்குத்தான் அது செல்லும். அலுமாரியிலிருந்து தாளை எடுத்து வந்து பார்த்தார், போன ஆடியில் செய்தது. நாங்கள் இருந்ததோ சித்திரை. அது சீட்டு சொன்னது என்று நான் சொல்லமாட்டேன். மூன்று சீட்டு கேள்வி கேட்க இடம் விட்டது, அவ்வளவுதான்.

தலைகீழாக விழும் சூரியனைப் பற்றி நான் பெரிதாகப் பேசக்கூடாது, என் கட்டை நேராகவே அடுக்குகிறேன். கடிதம் எப்போது என்று கேட்டால் மூன்று சீட்டும் நாள் சொல்லாது. அவசரத்தில் ஒரு சின்ன விசயத்துக்கு ஒற்றைச் சீட்டு இன்னும் எடுக்கிறேன், கடுமையான வருடத்தைச் சுமந்து வருகிறவருக்கு எடுப்பதில்லை.

அக்கா அன்றைக்கே மருமகனுக்கு வட்சப்பில் தாளின் படத்தை அனுப்பினார். கடிதம் இன்னும் வரவில்லை.