டியூப் வழி சாப்பிடுபவரின் ரத்தத்தில் ஜிங்க் மட்டும் பார்ப்பதா, காப்பரையும் சேர்த்துப் பார்ப்பதா?

பாலக்கோடு பக்கத்தில் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். உணவுக்குழாய் சுருங்கிப்போனதால் ஒரு வருடத்துக்கும் மேலாக சிறுகுடலில் போட்ட டியூப் வழியாகத்தான் சாப்பாடு. படுக்கைப் புண் ஆறவில்லை, ரத்தத்தில் ஜிங்க் 55 (டெசிலிட்டருக்கு மைக்ரோகிராம் கணக்கில்), குறைவு என்று தினம் 50 மி.கி. ஜிங்க் மாத்திரை. சில மாதத்தில் ஹீமோகுளோபின் 8-க்கு இறங்குகிறது, வெள்ளை அணுக்களும் குறைகின்றன, இரும்புச்சத்து கொடுத்தும் ஏறவில்லை.

ஜிங்க் மட்டும் பார்க்கும் வழி செலவு குறைவு, ஆனால் இங்கேதான் சறுக்குகிறது. உடம்பில் தொற்றோ புண்ணோ இருந்தால் ஜிங்க் ரத்தத்தை விட்டு கல்லீரலுக்குள் போய்விடும், ஆல்புமின் குறைந்தாலும் அளவு இறங்கும், அதனால் அந்த 55 உண்மையான பற்றாக்குறையாக இருக்கவேண்டும் என்று இல்லை. அதை நம்பி மாத்திரை கொடுத்தால், அதிக ஜிங்க் குடல் செல்களில் ஒரு புரதத்தை உண்டாக்கும். அது காப்பரைப் பிடித்து வைத்துக்கொண்டு செல் உதிரும்போது சேர்ந்தே வெளியேறிவிடும். போதாததற்கு, காப்பர் அதிகம் உறிஞ்சப்படும் இரைப்பையையும் முன்சிறுகுடலையும் இவருடைய டியூப் தாண்டிவிடுகிறது.

ஜிங்க், காப்பர், உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் சி.ஆர்.பி., முழு ரத்தப் பரிசோதனை நான்கையும் ஒரே நாளில் எடுப்பதுதான் என் தேர்வு. தொற்று இருக்கும்போது காப்பர் ஜிங்குக்கு நேர்மாறாக ஏறும். ஆகவே சி.ஆர்.பி. 20-ஐத் தாண்டியிருக்கையில் காப்பர் 65 என்று வந்தால் ‘கொஞ்சம்தானே குறைவு’ என்று விட்டுவிடக் கூடாது, அது பற்றாக்குறையாகவே இருக்க வாய்ப்பு அதிகம். 50-க்குக் கீழே போனால் சி.ஆர்.பி. எதுவானாலும் பற்றாக்குறைதான். நம்மவருக்கு சி.ஆர்.பி. 4, காப்பர் 38, ஜிங்க் 120-ஐத் தாண்டி, கதை தெளிவு: ரத்த அணுக்கள் இறங்கியது காப்பர் பற்றாக்குறையால்.

மாங்கனீசு, செலினியம் எல்லாம் சேர்ந்த பெரிய பேனல் டியூப்காரருக்கு அடிக்கடி தேவையில்லை. ரத்தக்குழாய் வழி உணவில் இருப்பவருக்குத்தான் அது வேண்டும், ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறை. அதிலும் மஞ்சள் காமாலை கண்டால் மாங்கனீசும் காப்பரும் பித்தத்தில் வெளியேறாமல் தேங்கும் என்பதால் அந்த இரண்டையும் உடனே பார்க்கவேண்டும். மாங்கனீசுக்கு சீரம் அல்ல, முழு ரத்தம்.

அப்புறம், சாம்பிள். இங்கிருந்து பெங்களூருக்கோ சென்னைக்கோ போகும் ரத்தம் சாதாரண ரப்பர் மூடிக் குழாயில் போனால் மூடியிலிருந்தே ஜிங்க் கலக்கும், அணுக்கள் உடைந்தாலும் பொய்யாக ஏறும். நுண்தனிமங்களுக்கான கருநீல மூடிக் குழாய் இருக்கிறதா என்று எடுப்பதற்கு முன்பே கேளுங்கள்.

இவருக்கு மருத்துவர் செய்வது ஜிங்கை நிறுத்தி, காப்பரை ரத்தக்குழாய் வழியாகக் கொடுப்பது. ரத்த அணுக்கள் சில வாரங்களில் ஏறும். கால் மரத்துத் தள்ளாட்டம் வந்தபின் கண்டுபிடித்தால் நரம்பு பல நேரம் முழுதாகத் திரும்புவதில்லை.