ஃப்ரீலான்ஸ் போகும் டிசைனரின் ராஜினாமா கடிதம்: மூன்று வரைவுகள், ஒரு தேர்வு

சென்னையில் ஒரு விளம்பர நிறுவனத்தில் நான்கு வருடமாக வேலை பார்க்கும் கிராஃபிக் டிசைனர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். மொத்தச் சம்பளம் மாதம் 54,000 ரூபாய், அதில் பேசிக் 24,000. நோட்டீஸ் பீரியட் 60 நாள். மாலை நேரங்களில் ஒரு ஸ்வீட் கடைக்கு பேக்கிங் டிசைனும் ஒரு பதிப்பகத்துக்கு அட்டைப்படங்களும் செய்து வந்தவர், இனி முழு நேரமும் சொந்தமாகவே செய்யப்போகிறார்.

வேறு கம்பெனிக்கு மாறுகிறவருக்கு இல்லாத ஒரு சிக்கல் இவருக்கு உண்டு. விட்டுப் போகிற நிறுவனம் நாளைக்கு இவருக்குப் போட்டியாகவும் இருக்கலாம், முதல் கிளையன்ட்டாகவும் இருக்கலாம். அதனால் ராஜினாமா கடிதத்தில் எவ்வளவு சொல்வது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். பொதுவாக மூன்று விதமாக எழுதுகிறார்கள். கடிதம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் மெயிலாகத்தான் போகும் என்றாலும், உள்ளே என்ன இருக்கிறது என்பதைத் தமிழிலேயே பார்க்கலாம்.

முதல் வரைவு, காரணமே சொல்லாதது:

"சீனியர் கிராஃபிக் டிசைனர் பொறுப்பிலிருந்து விலகுகிறேன். அப்பாயின்ட்மென்ட் லெட்டரில் உள்ளபடி 60 நாள் நோட்டீஸ் தருகிறேன். இன்று ஜூன் 1. என் கடைசி வேலை நாள் ஜூலை 31. இதை ஏற்றுக்கொண்டதாகப் பதில் அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன்."

இதன் பலமே அந்தத் தேதிதான். "இரண்டு மாதத்தில் விலகுகிறேன்" என்று மட்டும் எழுதினால் எந்த நாளிலிருந்து எண்ணுவது என்ற பேச்சு வரும். மேனேஜர் ஒரு வாரம் கழித்து மெயிலைத் திறந்து, "நான் ஏற்றுக்கொண்ட நாளிலிருந்துதான் கணக்கு" என்பார். ஜூன் 2-ஐ முதல் நாளாக வைத்தால் ஜூன் மாதத்தில் 29 நாள், ஜூலையில் 31 நாள், ஆக சரியாக 60. இந்தக் கணக்கைப் போட்டு, கடைசி நாளைத் தேதியாகவே எழுதிவிட்டால் மறுக்க நினைப்பவர் எழுத்தில்தான் மறுக்க வேண்டியிருக்கும்.

முன்கூட்டியே கிளம்ப வேண்டுமென்றால் அதையும் இங்கேயே கேட்டுவிடலாம். ஜூலை 9-ஆம் தேதி கிளம்பினால் 38 நாள்தான் ஆகியிருக்கும், 22 நாள் குறையும். மொத்தச் சம்பளத்தில் கணக்கிட்டால் இதற்குப் பிடித்தம் 39,600 ரூபாய். பேசிக்கில் மட்டும் என்றால் 17,600. இரண்டுக்கும் இடையே 22,000 ரூபாய் வித்தியாசம் இருக்கிறது. எந்தக் கணக்கு என்பது அப்பாயின்ட்மென்ட் லெட்டரில் ஒரே ஒரு சொல்லில் இருக்கும், அதைத் தேடிப் படித்துவிட்டுத்தான் தேதியை எழுத வேண்டும். மிச்சமிருக்கும் லீவை நோட்டீஸில் கழிக்க அனுமதி உண்டா என்பதும் அதில்தான் இருக்கும்.

இந்த வரைவின் குறை, அது மௌனமாக இருப்பது. டிசைன் உலகம் சின்னது. காரணம் தெரியாத மேனேஜர், போட்டி நிறுவனத்துக்குத்தான் போகிறார் என்று முடிவு செய்து, அடுத்த நாளே சர்வர் அனுமதியை எடுத்துவிட வாய்ப்பு உண்டு. ஒரு மாதத்தில் இன்ஸ்டாகிராமில் புது ஸ்டுடியோ பக்கத்தைப் பார்த்ததும், மறைத்துவிட்டுப் போனார் என்ற வருத்தம் வேறு சேர்ந்துகொள்ளும்.

இரண்டாவது வரைவு, எல்லாவற்றையும் மனம் திறந்து சொல்வது. நல்ல மனதுள்ளவர்கள் இப்படித்தான் எழுதுகிறார்கள். எனக்கு மிகவும் கவலை தரும் வரைவும் இதுதான்:

"கடந்த ஒரு வருடமாக மாலையிலும் வார இறுதியிலும் சில கிளையன்ட்களுக்குச் சொந்தமாக வேலை செய்து வருகிறேன். அந்த வருமானம் இப்போது நிலையாகிவிட்டது. நம்முடைய கிளையன்ட்களில் இரண்டு பேர்கூட என்னைத் தனியாகச் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். இந்த நிறுவனத்தில் கற்றதுதான் எனக்கு இந்தத் தைரியத்தைத் தந்தது. அதனால் முழு நேர ஃப்ரீலான்ஸராக..."

நன்றியோடு எழுதியதுதான். ஆனால் முதல் வாக்கியத்தைப் பாருங்கள். பெரும்பாலான அப்பாயின்ட்மென்ட் லெட்டர்களில், வேலையில் இருக்கும்வரை வெளியே சம்பளத்துக்கோ கட்டணத்துக்கோ வேலை செய்யக் கூடாது என்று ஒரு நிபந்தனை இருக்கும். அதை மீறினேன் என்று இவரே தேதியோடு கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். ரிலீவிங் லெட்டரும் கடைசி செட்டில்மென்ட்டும் இன்னும் கைக்கு வராத நேரத்தில் இது நடக்கிறது.

"இந்தியாவில் இந்த மாதிரி நிபந்தனை எதுவும் செல்லாது" என்று நண்பர்கள் சொல்வார்கள். அது பாதி உண்மை. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 27-ஆவது பிரிவு, ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. வேலையை விட்ட பிறகு இரண்டு வருடம் இதே தொழிலைச் செய்யக் கூடாது என்ற நிபந்தனையை நீதிமன்றங்கள் பொதுவாக ஏற்பதில்லை. ஆனால் வேலையில் இருக்கும் காலத்துக்கு விதிக்கும் தடை வேறு, அது செல்லும். நோட்டீஸ் ஓடுகிற அந்த 60 நாளும் வேலையில் இருக்கும் காலம்தான். கிளையன்ட் பட்டியல், ரேட் கார்டு, வெளிவராத டிசைன்கள் போன்றவற்றின் ரகசியம் காக்கும் கடமையும் வேலையோடு முடிந்துவிடுவதில்லை.

அடுத்தது உரிமை. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 17-ஆவது பிரிவின்படி, ஊழியர் தன் வேலையின் பகுதியாக உருவாக்கியது, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், நிறுவனத்துக்குச் சொந்தம். ஸ்வீட் கடை பேக்கிங் அந்த வேலையின் பகுதி அல்ல என்று இவர் சொல்லலாம். ஆபீஸ் லேப்டாப்பில், ஆபீஸ் அடோபி லைசென்ஸில் செய்திருந்தால் அந்த வாதத்துக்குப் பதில் வாதம் கிளம்பும். தேவையே இல்லாமல் அந்தப் பேச்சுக்கு வாசலைத் திறந்துவிடுவது இந்தக் கடிதம்தான். "நம்முடைய கிளையன்ட்களில் இரண்டு பேர்" என்ற வரி இன்னும் மோசம். அவர்களே தேடி வந்திருந்தாலும், வேலையில் இருந்துகொண்டே இவர் பேசி இழுத்ததாகத்தான் அது படிக்கப்படும்.

மூன்றாவது வரைவு, ராஜினாமாவிலேயே புது ஏற்பாட்டைக் கேட்பது:

"ஜூலை 31-க்குப் பிறகு மாதம் பத்து நாள் நமது நிறுவனத்துக்கே ஃப்ரீலான்ஸராக வேலை செய்யத் தயாராக இருக்கிறேன். இப்போதைய சம்பளத்தின் விகிதத்திலேயே கட்டணம் வைத்துக்கொள்ளலாம்."

ஆசை நியாயமானது. பழகிய வேலை, பழகிய ஆட்கள், முதல் மாதமே வருமானம். ஆனால் "சம்பளத்தின் விகிதத்திலேயே" என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். மாதம் 22 வேலை நாள், நாளுக்கு 8 மணி நேரம் என்றால் 176 மணி. 54,000-ஐ வகுத்தால் மணிக்கு ஏறக்குறைய 307 ரூபாய். இந்த 307 ரூபாய்க்குள் நிறுவனம் தன் பங்காகக் கட்டும் பி.எஃப். இல்லை, இன்ஷூரன்ஸ் இல்லை, லீவு நாள் சம்பளம் இல்லை, அடோபி சந்தா இல்லை, கணினி இல்லை. சொந்தத் தொழிலில் எல்லா மணிக்கும் பில் போடவும் முடியாது. கொட்டேஷன் எழுதுவது, கிளையன்ட்டைப் பார்க்கப் போவது, பணத்துக்கு நினைவூட்டுவது எல்லாம் நேரம்தான். பாதி நேரத்துக்குத்தான் பில் போட முடிகிறது என்று வைத்தால், பழைய 54,000-ஐத் தொடவே மணிக்கு 614 ரூபாய் வேண்டும். மேலே சொன்ன செலவுகள் தனி. ஒருமுறை எழுத்தில் 307 கொடுத்துவிட்டால், அந்த நிறுவனத்திடம் அதை இரட்டிப்பாக்க இரண்டு மூன்று வருடம் ஆகும்.

இன்னொன்றும் இருக்கிறது. ஃப்ரீலான்ஸராகச் செய்யும் வேலையில் 17-ஆவது பிரிவின் அந்த ஊழியர் விதி பொருந்தாது. லோகோ, லேஅவுட் போன்றவற்றின் உரிமையை எழுத்தில் மாற்றிக் கொடுக்க வேண்டும். சோர்ஸ் ஃபைல் தருவதா, பிடிஎஃப் மட்டுமா, எத்தனை முறை திருத்தம், எத்தனை நாளில் பணம் என்பதெல்லாம் ஒரு தனி ஒப்பந்தத்தின் வேலை. இதை ராஜினாமாவோடு கட்டிவிட்டால், "அந்த ஏற்பாடு பேசி முடியட்டும், பிறகு உங்கள் ராஜினாமாவைப் பார்ப்போம்" என்று எச்.ஆர். சொல்ல இடம் கிடைக்கிறது. தேதி தள்ளிப்போகும். விலகுவதும் புது ஏற்பாடும் ஒன்றையொன்று பிடித்து இழுக்கும்.

சரி, எது? நான் முதல் வரைவின் எலும்பை வைத்துக்கொண்டு, அதில் இரண்டு வாக்கியம் மட்டும் சேர்க்கச் சொல்வேன். ஒன்று, "ஜூலை 31-க்குப் பிறகு சுயாதீன டிசைனராகப் பணியைத் தொடர இருக்கிறேன்." இதில் எதிர்காலம் மட்டுமே இருக்கிறது. கடந்த ஒரு வருடமும் இல்லை, கிளையன்ட் பெயரும் இல்லை. இது பொய் அல்ல, மறைப்பும் அல்ல. போட்டி நிறுவனத்துக்குப் போகவில்லை என்று மேனேஜருக்குத் தெரிந்துவிடும், பின்னால் இன்ஸ்டாகிராமில் பார்க்கிறவருக்கு அதிர்ச்சியும் இருக்காது. மாலை வேலையைப் பற்றி நேரடியாகக் கேட்டால் என்ன செய்வது என்பது நேர்மையோடு பேச வேண்டிய விஷயம். கேட்காத கேள்விக்குக் கடிதத்தில் பதில் எழுத வேண்டியதில்லை.

இரண்டாவது வாக்கியம் கைமாற்றுவது பற்றி: "நடப்பு வேலைகளின் ஃபைல்களை ஜூலை 24-க்குள் ஒழுங்குபடுத்தி ஒப்படைக்கிறேன்." டிசைனரின் ராஜினாமாவில் நிறுவனம் பயப்படுவது இதற்குத்தான். ஆள் போன பிறகு இன்டிசைன் ஃபைலைத் திறந்தால் படங்களும் எழுத்துருவும் காணவில்லை என்று சிவப்பு எச்சரிக்கை வரும். அதனால் ஒவ்வொரு வேலையையும் File > Package கொடுத்து, எழுத்துருவும் இணைப்புப் படங்களும் ஒரே ஃபோல்டரில் வரும்படி எடுத்து வைக்க வேண்டும். தமிழ் எழுத்துருக்களில் எது வாங்கியது, எது இலவசம் என்ற குறிப்பும் வேண்டும். பிறகு அந்த ஃபோல்டரை இன்னொரு கணினியில் திறந்து பார்க்க வேண்டும். தன் கணினியில் எழுத்துரு ஏற்கெனவே இருப்பதால் அங்கே பிழை தெரியாது. ஃபிக்மா ஃபைல்களின் உரிமையாளரை மாற்றுவதும் மெயில் கணக்கு மூடப்படும் முன் நடக்க வேண்டும்.

போர்ட்ஃபோலியோ அனுமதியைக் கடிதத்தில் சேர்க்காமல், நோட்டீஸ் காலத்துக்குள் தனி மெயிலில் கேட்பது நல்லது. "எல்லா வேலைகளையும்" என்று கேட்டால் மறுப்பார்கள். ஏற்கெனவே வெளியான எட்டு பத்து வேலைகளைப் பெயர் சொல்லி, நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிட்டுக் காட்டுகிறேன் என்று கேட்டால் பெரும்பாலும் சம்மதம் வரும். அந்தப் பதிலை சொந்த மெயிலுக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஆபீஸ் மெயிலில் வந்தால் ஜூலை 31 மாலையோடு அதுவும் போய்விடும்.

மூன்றாவது வரைவின் ஆசையை விட வேண்டியதில்லை, அதன் நேரத்தை மட்டும் மாற்ற வேண்டும். மேனேஜரே நோட்டீஸ் காலத்தில் "வெளியிலிருந்து செய்து தருவீங்களா?" என்று கேட்டால், "கண்டிப்பாக சார், ரிலீவ் ஆனதும் கொட்டேஷன் அனுப்புகிறேன்" என்பது போதும். ரிலீவிங் லெட்டர் வந்து, செட்டில்மென்ட் பணம் கணக்கில் ஏறியதும், சொந்த மெயிலிலிருந்து கொட்டேஷன் போகட்டும். அதில் மணிக்கணக்கோ வேலைக் கணக்கோ புது ரேட்டும், உரிமை எப்போது மாறும் என்பதும், பணம் வரவேண்டிய நாளும் இருக்கட்டும். கட்டணத்தில் அவர்கள் டி.டி.எஸ். பிடித்துத்தான் தருவார்கள் என்பதால், கைக்கு வரும் தொகையை அதைக் கழித்தே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.