52,000 ரூபாய் போச்சு: ஹைட்ரோவுக்கு டிரைவ் மாட்டுபவர்கள் படித்துவிட்டு மாட்டுங்கள்

முந்தாநாள் சாயங்காலம் எங்கள் பட்டறையில் தீப்பிடிக்கப் பார்த்தது. கோபம் இன்னும் அடங்கவில்லை. அவனியாபுரம் பக்கம் சுங்குடிச் சேலைக்குச் சாயம் போடும் சின்னப் பட்டறை எங்களுடையது. அலசிய சேலையைச் சுற்றிப் பிழிய ஒரு ஹைட்ரோ இருக்கிறது. 36 அங்குலக் கூடை, ஏழரை ஹெச்பி மோட்டார். முழு வேகத்தில் கூடை நிமிடத்துக்கு 1000 சுற்று சுற்றும். ஸ்விட்சை அணைத்தால் தானாக நிற்க மூன்று நிமிடம் ஆகும். அதனால் கால் பிரேக் போட்டு நிறுத்துவோம். மாதம் ஒரு லைனிங் தேய்ந்துவிடும்.

மதுரையில், மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ், பேனல் எல்லாம் விற்றுப் பொருத்தித் தரும் கடைக்காரர் ஒருவர் வந்தார். "டிரைவும் பிரேக் ரெசிஸ்டரும் போட்டா 15 செகண்டுல நிக்கும்ணே, லைனிங் செலவே கிடையாது" என்றார். டிரைவ், ரெசிஸ்டர், பேனல், கூலி எல்லாம் சேர்த்து 52,000. நான் தயங்கியதும் "காசு அப்புறம்ணே, முதல்ல ஓட்டிக் காட்டுறேன்" என்று அன்றைக்கே மாட்டினார். ஓட்டினார், நிறுத்தினார். கையில் கடிகாரத்தோடு நின்றேன், சரியாக 15 செகண்டில் நின்றது. அந்த நிமிடத்தில்தான் முழுதாக நம்பினேன். மொத்தப் பணத்தையும் அங்கேயே எண்ணிக் கொடுத்தேன்.

அப்போது நான் கடிகாரத்தைப் பார்த்தேனே தவிர டிரைவின் திரையைப் பார்க்கவில்லை. என் பையன் போனில் எடுத்த வீடியோவில் இப்போது பார்த்தால் திரையில் 30.0 என்று இருக்கிறது. 50 ஹெர்ட்ஸில் ஓட்ட வேண்டியதை 30-இல் ஓட்டியிருக்கிறார், அதுவும் வெறும் கூடையை. வேகம் பாதியானால் சுழலும் கூடையில் இருக்கும் ஆற்றல் கால்வாசியாகும். 50-இலிருந்து 30-க்கு இறங்கினாலே மூன்றில் ஒரு பங்கு சொச்சம்தான் மிஞ்சும். ஈரச் சேலையின் எடையும் இல்லை. இன்னொன்று, ராம்ப் நேரம் என்று போடுவது 50-இலிருந்து பூஜ்யத்துக்கு வர ஆகும் நேரம். 25 என்று போட்டுவிட்டு 30-இலிருந்து நிறுத்தினால் 15 செகண்டில்தான் நிற்கும். அந்த 15-ஐத்தான் எனக்குக் காட்டினார்.

மறுநாள் சேலையைப் போட்டு 50-இல் ஓட்டி, ராம்பை அவர் சொன்னபடி 15 வைத்து நிறுத்தினோம். திரையில் OV, அதாவது ஓவர் வோல்டேஜ் என்று வந்து டிரைவ் ட்ரிப் ஆனது. ட்ரிப் ஆனால் டிரைவ் மோட்டாரைக் கைவிட்டுவிடும், கூடை தன் போக்கில் சுற்றும். சத்தம் நின்றதும் பையன் மூடியைத் திறந்துவிட்டான். உள்ளே கூடை முழு வேகத்துக்குப் பக்கத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது. நான் போட்ட கத்தலில் கையை இழுத்துக்கொண்டான். அதை நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைக் கலக்குகிறது.

கடைக்குப் போன் செய்தால் "கரண்ட் கூடக் குறைய வருதுண்ணே, ராம்பை 30 ஆக்குங்க" என்றார்கள். அதிலும் ட்ரிப். 60 ஆக்கியதும் ட்ரிப் நின்றது, ஆனால் ரெசிஸ்டர் தீய்ந்த வாசனை அடித்தது. மறுபடி கூப்பிட்டால் "மீட்டிங்ல இருக்கேன்". ஐந்து நாள் கழித்துக் கடைப் பையன் ஒருவன் வந்து, "இது பெரிசுண்ணே, இப்ப 30-ல நிக்கும்" என்று வேறு ரெசிஸ்டரை மாட்டிவிட்டுப் போனான். நின்றது, மூன்று நாள்.

நாலாம் நாள் மோட்டாரை நிறுத்திச் சேலையை எடுத்துக்கொண்டிருக்கிறோம், பேனல் மேல் ரெசிஸ்டர் செக்கச்செவேல் என்று பழுத்துக் கிடக்கிறது. ஸ்டாப் பட்டனை அழுத்தினேன், ஒன்றும் ஆகவில்லை. எம்சிபியும் விழவில்லை. கையால் இறக்கினேன். பக்கத்து ஒயர் உருகியிருந்தது, டிரைவ் செத்துவிட்டது.

திருமங்கலத்தில் என் மாமா ஒருவர் இருக்கிறார். ஸ்பின்னிங் மில்லில் எலக்ட்ரிக்கல் பார்த்து ஓய்வு பெற்றவர். வந்து மேனுவலைத் திறந்தார். "ஏம்ப்பா, இதைப் படிச்சியா? 75 ஓமுக்குக் கீழ போடாதேன்னு எழுதியிருக்கு. இது 40" என்றார்.

அவர் சொன்ன கணக்கு இது. நிறுத்தும்போது கூடை மோட்டாரை இழுப்பதால் மோட்டார் ஜெனரேட்டர் ஆகிறது. அந்தக் கரண்ட் டிரைவுக்குள் திரும்புகிறது, ஆனால் சாதாரண டிரைவ் அதை லைனுக்கு அனுப்ப முடியாது. உள்ளே சுமார் 590 வோல்ட்டில் இருக்கும் டிசி ஏறுகிறது. எங்கள் டிரைவில் 760 தொட்டதும் ஒரு டிரான்சிஸ்டர் திறந்து ரெசிஸ்டரில் கரண்டை விடும். அதற்கும் அடங்காமல் 800-ஐத் தாண்டினால் ட்ரிப். சேலையோடு எங்கள் கூடையில் இருப்பது சுமார் 164 கிலோஜூல். 15 செகண்டில் நிறுத்தினால் சராசரி 11 கிலோவாட். வேகம் அதிகமுள்ள முதல் நொடியில் அதைப்போல இரண்டு மடங்கு, 22. முதலில் போட்ட 100 ஓம் ரெசிஸ்டர் 760 வோல்ட்டில் வாங்கக்கூடியது 5.8 கிலோவாட்தான். 60 செகண்ட் என்றால் முதல் நொடியில் ஐந்தரை, அதனால் தப்பித்தது. ஆனால் அது 300 வாட் ரெசிஸ்டர். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தினால் சராசரி 270 வாட் என்று காகிதத்தில் சரியாகத்தான் தெரியும். அத்தனை சூடும் ஒரே நிமிடத்தில் இறங்கினால் எப்படித் தாங்கும்?

40 ஓம் போட்டதும் பிரேக் பலமானது, ஆனால் டிரான்சிஸ்டர் தாங்குவதற்கு மேல் 19 ஆம்பியர் போனது. அது ஷார்ட் ஆகிவிட்டது. அதற்கப்புறம் மோட்டார் நின்றாலும் லைனில் கரண்ட் இருக்கும்வரை ரெசிஸ்டரில் எட்டரை கிலோவாட் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த ரெசிஸ்டரில் எழுதியிருப்பதோ 500 வாட். லைனில் பார்த்தால் 12 முதல் 15 ஆம்பியர்தான், 20 ஆம்பியர் எம்சிபி எப்படி விழும்?

கடையில் போய் நின்றேன். "எரிஞ்சதுக்கு வாரண்டி கிடையாது, நீங்க ராம்பை மாத்தியிருக்கீங்க" என்றார். மாற்றச் சொன்னதே நீங்கள்தானே என்றால், "போன்ல யாரு சொன்னதுன்னு தெரியலையே." 52,000 ரூபாய்க்கு இதுதான் பதில். பில்லில் ரெசிஸ்டரின் ஓமும் இல்லை, வாட்டும் இல்லை, "பிரேக் செட் 1" என்று மட்டும் இருக்கிறது.

விவரமாக எழுத நினைத்தேன், முடியவில்லை. சரி, இதை மட்டும் கேளுங்கள். ஓட்டிக் காட்டினால் முழு லோடு, முழு வேகம், திரையில் 50 பார்த்துவிட்டு நேரம் எடுங்கள். ஓம், வாட் இரண்டையும் பில்லில் எழுதி வாங்கி மேனுவலோடு ஒத்துப் பாருங்கள். எங்கள் டிரைவுக்கு 75 ஓம், ஒன்றரை இரண்டு கிலோவாட் ரெசிஸ்டரைத் தனிக் கூண்டில் போட்டால் 45 செகண்ட் வரும், 15 வரவே வராது என்கிறார் மாமா. கால் பிரேக்கைக் கழற்றிவிடாதீர்கள். சுற்றும்போது மூடி திறக்காத பூட்டு கட்டாயம். ரெசிஸ்டரில் சூடு ஏறினால் தானாக விழும் தெர்மல் ஸ்விட்ச் வேண்டும், அதன் ஒயர் டிரைவின் ஸ்டாப்புக்குப் போகக் கூடாது, லைனையே துண்டிக்கும் மெயின் காண்டாக்டரைத் தட்டிவிட வேண்டும்.