நடுப்பகுதி எங்கே தொய்கிறது: வாசகர் குறியா, காட்சிப் பட்டியலா?

நாவலின் நடுவில் விறுவிறுப்பு குறைகிறது என்று தெரிந்துவிட்டால், பழுது எந்த இடத்தில் என்று பிடிக்க இரண்டு வழிகள் உண்டு. நாலைந்து பேரிடம் பிரதியைக் கொடுத்து, எங்கே கீழே வைத்தார்கள் என்று பார்க்கலாம். இல்லையென்றால் நாமே ஒவ்வொரு காட்சியையும் ஒரு வரியில் எழுதிப் பட்டியல் போடலாம். வாய்விட்டு வாசிப்பதையும் சிலர் சொல்வார்கள். வாக்கியம் இழுப்பது அதில் தெரியும், கதை இழுப்பது தெரியாது.

காரைக்குடி நண்பர் ஒருவரின் கையெழுத்துப் பிரதியில் இரண்டையும் செய்து பார்த்தோம். கானாடுகாத்தான் பக்கம் ஒரு பெரிய வீடு. பர்மா தேக்குத் தூண்களைக் கழற்றி விற்றுவிடலாம் என்கிறார் பெரியவர். இளையவர் கூடாது என்கிறார். மொத்தம் 30 அத்தியாயம்.

முதலில் வாசகர் குறி. இதில் கருத்துக் கேட்டால் வீண். "நல்லா வந்திருக்கு தம்பி" என்ற பதில்தான் கிடைக்கும். எங்கே கீழே வைத்தாலும் அந்த வரியின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு, அவ்வளவு போதும் என்று சொல்லிவிட வேண்டும். அத்தியாய முடிவில் விழும் கோட்டை விட்டுவிடலாம், யாரும் அங்கே நிறுத்துவார்கள். அத்தியாயத்தின் நடுவில், அதுவும் இரண்டு மூன்று பேருக்குப் பக்கத்துப் பக்கத்தில் விழுந்தால்தான் கவனிக்க வேண்டும். இந்தப் பிரதியில் நாலு பேரில் மூவருக்கு 17ஆம் அத்தியாயத்தில் கோடு. கல்யாணத்துக்குச் சாமான் பரப்பும் இடம் அது: வெள்ளி, பித்தளை, எனாமல் பாத்திரம் என்று ஐந்து பக்கம்.

கோடு போடாத நாலாமவர், அப்படி ஒரு வீட்டிலேயே வளர்ந்த ஆச்சி. கோடு போட்ட மூவரில் ஒருவரான தூத்துக்குடிக்காரர் நிறுத்திய பக்கத்தில்தான் அவர் ரசித்து நின்றிருக்கிறார். அதனால் சொந்த ஊர்க்காரர்களை மட்டும் வாசகராக வைத்துக்கொண்டால் தொய்வு தெரியாமலே போய்விடும். ஊர் வாடை தெரியாத இருவராவது வேண்டும்.

மூவர் கோடு போட்டதும் நண்பர் 17ஐ வெட்டக் கிளம்பினார். அங்கேதான் காட்சிப் பட்டியல் தடுத்தது. ஒவ்வொரு காட்சிக்கும் இரண்டே விஷயம் எழுதினோம்: காட்சி முடியும்போது எந்தக் கேள்வி திறந்திருக்கிறது? முந்தைய காட்சியோடு இது "அதனால்" என்று சேர்கிறதா, "ஆனால்" என்றா, வெறும் "அப்புறம்" என்றா?

12 வரை பெரும்பாலும் "அதனால்", "ஆனால்". 13இல் பெரியவர் மனம் மாறி, தூணை விற்கப் போவதில்லை என்று பட்டாலைக் கூடத்தில் எல்லோர் முன்னாலும் வாக்குக் கொடுக்கிறார். கேள்வி அங்கேயே மூடிவிட்டது. 14 பர்மாவிலிருந்து திரும்பிய அப்பச்சியின் பழங்கதை, 15 கோவில், 16 பெண் பார்த்தல், 17 சாமான். நாலும் "அப்புறம்". வாசகர்கள் மூன்று அத்தியாயம் பொறுத்திருந்துவிட்டு 17இல் கீழே வைத்திருக்கிறார்கள். வலித்த இடம் 17, பழுது 13. என் அனுபவத்தில் பெரும்பாலும் இப்படித்தான்: கோடு விழுந்த இடத்திலிருந்து பின்னோக்கிப் போனால், எங்கோ ஒரு கேள்விக்குச் சீக்கிரமே பதில் சொல்லியிருப்போம்.

சரி, பட்டியல் மட்டும் போதுமா? போதாது. எழுதியவர் அதை நினைவிலிருந்து எழுதுவார். பக்கத்தில் இருப்பதை விட்டு, மனதில் இருந்ததை எழுதிவிடுவார். 16க்கு நண்பர் "பெரியவரின் சந்தேகம் வளர்கிறது" என்று எழுதியிருந்தார். அப்படி ஒரு வரி கூட அங்கே இல்லை. பிரதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேறொருவர் எழுதுவது நல்லது. இன்னொரு குறை, மெதுவான காட்சிக்கும் தொய்ந்த காட்சிக்கும் வித்தியாசம் பட்டியலில் தெரியாது. ஒன்றுமே நடக்காத அத்தியாயம்கூட, கேள்வி திறந்திருந்தால் படிக்க வைக்கும். அதை வாசகர் கோடுதான் சொல்லும்.

ஆக, ஒன்றை மட்டும் செய்ய நேரம் இருந்தால் பட்டியலைத்தான் சொல்வேன். அது காரணத்தைக் காட்டுகிறது. கோடு மட்டும் இருந்தால் நல்ல காட்சியை வெட்டிவிடுவோம். இரண்டும் முடியும் என்றால் கோடு முதலில், பட்டியல் பிறகு.

நண்பர் 17ஐ வெட்டவில்லை. 13இல் வாக்குக் கொடுக்கும் பெரியவர், அதற்கு முன்பே காரைக்குடிப் பழம்பொருள் வியாபாரியிடம் முன்பணம் வாங்கிவிட்டதாக ஒரு பத்தி சேர்த்தார். அது வாசகருக்கு மட்டும் தெரியும், வீட்டில் யாருக்கும் தெரியாது. 17இல் வளவு முற்றத்தில் சாமான்களை எண்ணும்போது ஒரு பெரிய பித்தளை அண்டா குறைகிறது. ஐந்து பக்கம் இரண்டரை ஆனது, வெள்ளியும் எனாமலும் அப்படியே இருக்கின்றன. இப்போது வாசகர் ஒவ்வொரு பாத்திரத்தையும் சேர்ந்து எண்ணுவார்.

திருத்திய பிரதியை மறுபடி அதே நாலு பேரிடம் கொடுக்கக் கூடாது. கதை தெரிந்தவர் கோடு போடும் இடம் வேறு. புதிதாக இருவரைப் பிடித்து, 10லிருந்து 20 வரை மட்டும் இல்லாமல், முதல் பக்கத்திலிருந்தே படிக்கச் சொல்ல வேண்டும்.