சுவாமி சன்னதி வாசலா, அம்மன் சன்னதி வாசலா? நெல்லையப்பர் கோயிலுக்கு முதன்முறை வருவோருக்கு

திருநெல்வேலி டவுனுக்கு முதன்முறையாக வருபவர்கள் கீழ ரத வீதியில் இறங்கியதும் கேட்கும் முதல் கேள்வி, எந்த வாசல் வழியாக உள்ளே போவது என்பதுதான். ஒரே மதிலுக்குள் இரண்டு கோபுர வாசல்கள் கிழக்கு நோக்கி நிற்கின்றன. வடக்கே இருப்பது நெல்லையப்பருக்கு உரியது. தெற்கே இருப்பது காந்திமதி அம்மனுக்கு உரியது. எது முறை, எதில் நுழைந்தால் தவறு என்று தயங்குபவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது, இவை ஒரு கோயிலின் முன்வாசலும் பக்கவாசலும் அல்ல என்பதாகும். அம்மனுக்குத் தனியாகக் கோபுரமும் கொடிமரமும் பிரகாரமும் உண்டு. தனித்தனியே இருந்த இரண்டு கோயில்களையும் 1647ஆம் ஆண்டு வடமலையப்பப் பிள்ளையன் கட்டிய சங்கிலி மண்டபம்தான் இணைத்தது. ஆகவே எந்த வாசலில் நுழைந்தாலும் ஒரு முழுக் கோயிலின் தலைவாசலில்தான் நுழைகிறோம். மதுரையில் அம்மனை முதலில் வணங்கிப் பழகியவர்கள் இங்கும் அவ்வாறே செய்வதுண்டு. சுவாமியைப் பார்த்துவிட்டு அம்மனிடம் வருபவர்களும் உண்டு. இரண்டையும் யாரும் குறை சொல்வதில்லை.

ஆனால் வழிபாட்டு முறையில் இல்லாத வேறுபாடு, பார்க்கக் கிடைப்பவற்றில் நிறைய இருக்கிறது.

சுவாமி வாசலில் நுழைந்தால் முதலில் எதிர்ப்படுவது சுதையாலான பெரிய வெள்ளை நந்தி. அதைக் கடந்து உள்ளே போனால் மணி மண்டபத்தில் இசைத் தூண்கள் இருக்கின்றன. நடுவே நிற்கும் பெரிய தூணையும் அதைச் சூழ்ந்த மெல்லிய சிறு தூண்களையும் ஒரே கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். சிறு தூண்களின் பருமனும் செதுக்கும் வேறுபடுவதால் ஒவ்வொன்றும் வேறு சுரம் தருகிறது. தட்டிப் பார்க்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். தட்டாமல் இருப்பதே நல்லது. நாணயத்தாலும் மோதிரத்தாலும் பலர் தட்டித் தட்டியே இத்தகைய தூண்கள் தேய்கின்றன. சற்று நெருங்கி நின்று தூண்களுக்கு இடையே உள்ள இடைவெளியைப் பார்த்தாலே, ஒரு சிறு தூணும் உடையாமல் உளி உள்ளே போய் வந்த வேலை எப்படிப்பட்டது என்பது விளங்கும்.

மூலவராகிய வேணுவனநாதரை வணங்கியவுடன் திரும்பி விடுவது முதன்முறை வருவோர் பலரும் செய்வது. சுவாமி சன்னதியை ஒட்டியே நெல்லை கோவிந்தர் பள்ளிகொண்ட கோலத்தில் இருக்கிறார். வரிசை நகரும் வேகத்தில் கண் லிங்கத்திலேயே நிலைத்துவிடுவதால் அவரைத் தவறவிடுகிறார்கள். சிவன் கோயிலில் பெருமாளை எதிர்பார்க்காததும் ஒரு காரணம். நடராசரின் ஐந்து சபைகளுள் ஒன்றான தாமிர சபை இருப்பதும் சுவாமி பக்கத்தில்தான். சிதம்பரம், மதுரை, திருவாலங்காடு, குற்றாலம் ஆகிய மற்ற நான்கையும் பார்த்து வருபவர்கள் இதற்காகவே நெல்லைக்கு வருவதுண்டு. ஆக, கல்லிலும் செம்பிலும் செய்த வேலையைப் பார்க்க விரும்புபவருக்குச் சுவாமி வாசலே பொருத்தமானது.

அம்மன் வாசல் வேறு வகையானது. உள்ளே நுழைந்ததும் ஊஞ்சல் மண்டபமும், அதைத் தொடர்ந்து நீண்டு கிடக்கும் ஆயிரங்கால் மண்டபமும், பொற்றாமரைக் குளமும் இந்தப் பக்கத்தில் இருக்கின்றன. சன்னதி அலங்காரத்தில் மனம் தோய்ந்து நிற்கவும், பிறகு சற்று உட்காரவும் இங்கே இடம் அதிகம். முழங்கால் வலியுள்ள பெரியவர்களை அழைத்து வருபவர்கள் அம்மன் வாசலையே தேர்வது நல்லது. ஐப்பசியில் வந்தால் தேர்வுக்கே இடமில்லை. அம்மனின் தவமும் திருக்கல்யாணமும் நடப்பது அந்த மாதத்தில், திருக்கல்யாணம் ஆயிரங்கால் மண்டபத்தில். ஆனி மாதத் தேரோட்டத்தின்போதோ ரத வீதிகள் நான்கும் கூட்டத்தால் நிறைந்துவிடும். அன்று கோயிலுக்குள் நிதானமாகப் பார்க்க முடியாது. தேரைப் பார்க்க மட்டும் வர வேண்டும்.

இரண்டு வாசல்களையும் ஒப்பிடுகையில் எல்லோரும் மறந்துவிடுகிற ஒன்று செருப்பு. சுவாமி வாசலில் செருப்பை விட்டுவிட்டு, சங்கிலி மண்டபம் வழியாக அம்மன் சன்னதிக்குப் போய், அப்படியே அம்மன் கோபுரம் வழியாக வெளியே வந்தவர், வெறுங்காலுடன் கீழ ரத வீதியில் நடந்து திரும்ப வேண்டும். காலை வேளையில் அது பெரிய விஷயமில்லை. சித்திரை, வைகாசியில் பதினொரு மணிக்கு மேல் என்றால் தார்ச் சாலையில் பத்து அடி நடப்பதற்குள் கால் கொதித்து, கடை நிழலுக்குக் கடை நிழல் தாவ வேண்டிவரும். நுழைந்த வாசல் வழியாகவே வெளியே வருவது என்று முதலிலேயே தீர்மானித்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. சங்கிலி மண்டபம் கூரை உள்ளதாகையால் திரும்பி நடப்பதிலும் வெயில் படாது.

ஓர் உதாரணம் சொல்கிறேன். சென்னையிலிருந்து இரவு ரயிலில் ஏறி, காலையில் ஜங்ஷனில் இறங்கும் நான்கு பேர் குடும்பம். உடன் எழுபது வயது தாயார். அறையில் குளித்து, டிபன் முடித்து, ஆட்டோவில் டவுன் ஆர்ச் வழியாக வந்து சேரும்போது மணி ஒன்பதரை ஆகிவிடும். மதியம் சுமார் 12.30 மணிக்கு நடை சாத்தப்பட்டு மாலை 4 மணி வாக்கில்தான் திறக்கும் என்பதால் மூன்று மணி நேரம் இருக்கிறது. இவர்கள் சுவாமி வாசலில் நுழைந்து, நந்தி, மணி மண்டபம், மூலவர், கோவிந்தர், தாமிர சபை என்று முடிக்க ஒன்றரை மணி நேரம் ஒதுக்கலாம். பின் சங்கிலி மண்டபம் வழியாக அம்மனிடம் வந்து, தரிசனம் முடிந்ததும் தாயாரைக் குளத்தங்கரை நிழலில் உட்கார வைத்துவிட்டு, மற்றவர்கள் ஆயிரங்கால் மண்டபத்தைப் பார்த்து வரலாம். பன்னிரண்டுக்குள் சுவாமி வாசலுக்குத் திரும்பிவிட முடியும். இதே குடும்பம் பதினொரு மணிக்குத்தான் வந்து சேர்கிறது என்றால், அம்மன் வாசலில் நுழைந்து இரு தரிசனங்களையும் மட்டும் முடித்துக்கொண்டு, மற்றதை மாலைக்கு வைத்துக்கொள்வதே நல்லது. நடை சாத்தும் நேரம் நெருங்கும்போது தூண்களைப் பார்க்க நின்றால் தரிசனம் தவறிவிடும்.

மாலைதான் சிறந்தது என்று சொல்பவர்களும் உண்டு. வெயில் இராது, பிரகாரக் கல்லும் சுடாது என்பது உண்மைதான். ஆனால் மணி மண்டபத்தின் நுணுக்கமான செதுக்கு வேலை இருட்டில் சரியாகத் தெரியாது. மாலைத் தரிசனத்தை விரும்புவோரில் பாதிப்பேரின் காரணம் எதிரே அல்வாவுக்கு நிற்கும் வரிசை என்பதும் ஊரறிந்ததே; அந்த வரிசையில் நின்றுவிட்டுக் கோயிலுக்கு வருவதா, வழிபட்டு வந்து நிற்பதா என்பதை அவரவரே முடிவு செய்துகொள்ளட்டும்.

கைபேசி குறித்து ஒரு வார்த்தை. தமிழகக் கோயில்களுக்குள் கைபேசிகளுக்குத் தடை விதிக்கச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டது. திருச்செந்தூர் கோயில் தொடர்பான வழக்கில் வந்த உத்தரவு அது. எனவே கைபேசியை வண்டியிலோ அறையிலோ வைத்துவிட்டு வருவதுதான் எளிது. வெளியே ஒப்படைத்துவிட்டு வருவதானால், செருப்புக்குச் சொன்னது இதற்கும் பொருந்தும்: எந்த வாசலில் கொடுத்தீர்களோ அந்த வாசலுக்கே திரும்ப வேண்டும். குடும்பத்தில் ஒருவர் வழி தவறினால் கூப்பிட்டுக் கேட்க முடியாது என்பதால், பிரிந்து போகும் முன்பே சங்கிலி மண்டபத்தின் முகப்பில் சந்திப்பதாகப் பேசிக்கொள்ள வேண்டும். இரு சன்னதிகளுக்கும் போகிறவர்கள் எப்படியும் அதைக் கடந்துதான் ஆக வேண்டும்.